தள்ளுபடியா, வட்டியில்லாக் கடனா?

கேள்வி: 10 லட்சத்துக்கு ஒரு கார் பார்த்திருக்கிறேன். 60,000 தள்ளுபடி தருகிறார்கள். அது வேண்டாம் என்றால் 36 மாதத்துக்கு வட்டியில்லாக் கடன். இரண்டில் ஒன்றுதானாம். என் கையில் 2 லட்சம் இருக்கிறது. தள்ளுபடியை எடுத்தால் மீதியை வங்கியில் 9 சதவீத வட்டிக்கு வாங்க வேண்டும். எது லாபம்?

பதில்: நீங்கள் சொன்ன கணக்குப்படி வட்டியில்லாக் கடன்தான் லாபம். ஆனால் அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓரிரு விஷயங்களைச் சரிபார்த்தாக வேண்டும்.

தள்ளுபடியை எடுத்தால் காரின் விலை 9,40,000. முன்பணம் 2 லட்சம் போக 7,40,000 கடன். 9 சதவீதத்தில் 36 மாதத்துக்கு மாதத் தவணை சுமார் 23,530 வரும். வட்டியில்லாக் கடனில் 8 லட்சத்தை அப்படியே 36-ஆல் வகுத்தால் போதும், மாதம் 22,222. மாதத்துக்கு 1,300 சொச்சம் குறைவு. மூன்று வருடத்தில் 47,000 மிச்சம்.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். எனக்கு இந்தப் பார்வைதான் பிடிக்கும். ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அந்தக் கார் 9,40,000-க்கே கிடைக்கிறது. அப்படியென்றால் ஷோரூம் உங்களுக்கு உண்மையில் கொடுக்கும் கடன் 7,40,000தான்; திருப்பி வாங்குவது 8 லட்சம். விட்டுக்கொடுத்த அந்த 60,000-தான் வட்டி. இது வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிட்டால், வங்கி சொல்லும் வட்டியோடு நேராக ஒப்பிடலாம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 60,000-ஐ 7,40,000-ஆல் வகுத்து, அதை மூன்று வருடத்துக்குப் பிரித்து, 2.7 சதவீதம் என்று முடித்துவிடுகிறார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போவதை அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. மூன்று வருடம் முழுவதும் 7,40,000 உங்களிடம் இருப்பதில்லை, சராசரியாக ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. அதனால் உண்மை வட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 5.1 சதவீதம். எக்ஸெலில் இதை அடித்துப் பார்க்கலாம்:

```
=RATE(36,-22222,740000)*12
```

வங்கி வட்டி இந்த 5.1-க்கு மேல் இருந்தால் வட்டியில்லாக் கடன், கீழே இருந்தால் தள்ளுபடி. உங்களுக்கு வங்கி 9 கேட்கிறது, அதனால்தான் மேலே அப்படிச் சொன்னேன். முழுத் தொகையும் டெபாசிட்டில் வைத்திருப்பவர் வங்கி வட்டிக்குப் பதிலாக, வரி போக டெபாசிட் தரும் வட்டியை இந்த 5.1-உடன் ஒப்பிட வேண்டும்.

காலம் மாறினால் முடிவும் மாறும். இதே 60,000, இதே 8 லட்சம், ஆனால் தவணை 12 மாதம் மட்டும் என்றால் அந்த மறைமுக வட்டி 14.6 சதவீதமாகிவிடும், அப்போது கண்ணை மூடிக்கொண்டு தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம். கடனைச் சீக்கிரம் அடைத்துவிடும் எண்ணம் இருந்தாலும் இதே கதைதான். வங்கிக் கடனில் முதல் வருட வட்டி சுமார் 57,500. பதின்மூன்றாம் மாதத் தொடக்கத்திலேயே போனஸோ வேறு பணமோ வந்து முழுசாக முடித்துவிட்டால், 60,000 தள்ளுபடி அந்த வட்டியை ஈடுகட்டி மேலே கொஞ்சம் மிச்சமும் தரும். முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி கட்டணம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் மூன்று வருடமும் தவணை கட்டப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அப்புறம் கட்டணம். வட்டி இல்லை என்று சொல்லிவிட்டு, ப்ராசஸிங் கட்டணம் என்று முன்கூட்டியே ஒரு தொகை கேட்பார்கள். அது 12,000 என்று வைத்துக்கொண்டால் மறைமுக வட்டி 6.2 சதவீதமாக ஏறுகிறது, உங்கள் மிச்சம் 35,000-ஆகக் குறைகிறது. அப்போதும் வட்டியில்லாக் கடனே மேல். ஆனால் கடனில் வாங்குபவருக்குக் காப்பீட்டையும் துணைப் பொருட்களையும் சேர்த்துக் கட்டாயமாக்கினால் அந்த 35,000-உம் கரைந்துவிடும்.

எனவே ஷோரூமில் இரண்டு கொட்டேஷன் எழுத்தில் கேளுங்கள்: ஒன்று தள்ளுபடியோடு ரொக்க விலை, இன்னொன்று வட்டியில்லாக் கடனுக்கான விலை. வரி, பதிவு, காப்பீடு, கட்டணம் எல்லாம் இரண்டிலும் தனித்தனியாக எழுதியிருக்கட்டும். தள்ளுபடியைத் தவிர வேறு எந்தத் தொகையாவது கடன் கொட்டேஷனில் கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசத்தையும் 60,000-உடன் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் அந்தக் கூட்டுத்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வங்கிக்கே போங்கள்.