டிஷ்வாஷர் விளம்பரம்: கணக்கா, கண்ணீரா?

கேள்வி: திருநெல்வேலியில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். 46,000 ரூபாய்க்கு விற்கிற 15 டிஷ்வாஷர் இறக்கியிருக்கிறேன், பேங்க் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி கணக்கிலிருந்து கடனாக எடுத்த பணம். ஒன்று விற்றால் 5,000 நிற்கும். விளம்பரத்துக்கு 60,000 ஒதுக்கியுள்ளேன். ‘வேலையாள் சம்பளம் மிச்சம்’ என்று கணக்குப் போட்டுக் காட்டலாம் என்கிறான் மகன். அம்மாவின் காய்த்துப்போன கையைக் காட்டி உருக வைக்கும் வீடியோ எடுக்கலாம் என்கிறார் விளம்பரக்காரர். எதில் பணம் போடுவது?

பதில்: முதலில் உங்கள் மகனின் கணக்கை வாங்குகிறவர் பக்கம் உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். பாத்திரம் கழுவ மட்டும் ஒரு வீட்டில் மாதம் 1,500 ரூபாய் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் வந்தால் சோப்பு, உப்பு, பளபளப்புத் திரவம் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 20 ரூபாய், மாதம் 600. கரண்ட்டுக்கு இன்னொரு 200. மிச்சம் 700 ரூபாய். போட்ட 46,000 திரும்பி வர ஐந்தரை வருடம் ஆகும். அதுவும் அந்த வேலைக்கார அம்மாவை முழுசாக நிறுத்தினால்தான். வீடு பெருக்கித் துடைக்கவும் அவரே வருகிறார் என்றால் சம்பளத்தில் 1,500 குறையப் போவதில்லை. இந்தக் கணக்கை நோட்டீஸில் அச்சடித்தால், அதை வாசிக்கிற பேங்க் கிளார்க் ஒருவர் பேனாவை எடுத்தே உங்களை மடக்கிவிடுவார்.

ஏசி என்றால் கதை வேறு. மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் வருடத்துக்கு எத்தனை யூனிட் வித்தியாசம் என்பது லேபிளிலேயே இருக்கிறது. நம் மின்கட்டணத்தில் மேல் ஸ்லாப் யூனிட்தான் விலை கூடியது, ஏசி தின்பதும் அதைத்தான். அங்கே எண் தானே பேசும். டிஷ்வாஷரில் எண் பேசாது, அதை இழுத்துப் பேசவைத்தால் பொய்யாகிவிடும்.

அப்படியென்றால் உணர்ச்சியா? ஆமாம், ஆனால் விளம்பரக்காரர் சொல்லும் உணர்ச்சி இல்லை. காய்த்துப்போன கையைக் காட்டினால் பார்க்கிறவர் கண் கலங்குவார், பகிர்வார், அதோடு சரி. இத்தனை நாள் அம்மாவைக் கழுவ விட்டோமே என்ற குற்ற உணர்ச்சியோடு யாரும் கடைப்படி ஏறுவதில்லை. 2020 ஊரடங்கில் டிஷ்வாஷருக்கு ஏன் திடீர் கிராக்கி வந்தது? வேலைக்கு ஆள் வர முடியவில்லை, சிங்க் நிறைந்தது, யார் கழுவுவது என்று வீட்டில் சண்டை. அந்த எரிச்சலைத் தொடுங்கள். ‘இன்னைக்கு வரமாட்டேன்க்கா’ என்று காலை ஆறரைக்கு வரும் போன், முந்தின இரவு விருந்தாளி சாப்பிட்ட பாத்திரம். இரண்டு ஷாட் போதும், நடிகர் வேண்டாம்.

இது ஆளைக் கடைவரை கூட்டிவரும். வந்தபின் அவர் கேட்பது முழுக்க அறிவுக் கேள்விதான்: நம்ம கடாய் சுத்தமாகுமா, போர் தண்ணீர் தாங்குமா, எங்க குக்கரை வைக்கலாமா? இதற்கு விளம்பரத்தில் இடம் தேட வேண்டாம், கடையில் ஒரு மெஷினுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுத்து ஓட்டிக் காட்டுங்கள். சாம்பார் காய்ந்த எவர்சில்வர் பாத்திரத்தை அவர் கண்ணெதிரே வையுங்கள். வைக்கக் கூடாததையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்: அலுமினியக் குக்கர் கறுத்துப்போகும், இரும்புத் தோசைக்கல்லின் எண்ணெய்ப் பழக்கம் போய்த் துருப்பிடிக்கும், மரக் கரண்டி வெடிக்கும். உப்புத் தண்ணீர் ஊரில் அந்த மெஷினுக்கான உப்பைப் போடாமல் விட்டால் கண்ணாடி டம்ளரில் வெள்ளை படியும். இதை மறைத்து விற்றால் மறுவாரமே மெஷின் உங்கள் வாசலுக்கு வரும், கூடவே ஒரு சண்டையும்.

இனி உங்கள் பணம். 5,000 மார்ஜினில் டெலிவரி, டெமோ செலவு போக 4,500 என்று வையுங்கள். 60,000 விளம்பரம் திரும்ப 14 மெஷின் விற்க வேண்டும். கையில் இருப்பதே 15! எல்லாம் விற்றாலும் உங்களுக்கு இரண்டு மெஷின் லாபம்கூட முழுசாக நிற்காது. அதற்குள் ஓடி வட்டி வேறு: 41,000 அடக்கத்துக்கு 12 சதவீதம் என்றால் ஒரு மெஷினுக்கு மாதம் 410 ரூபாய். ஆறு மாதம் தூங்கினால் மார்ஜினில் கிட்டத்தட்ட பாதி போய்விடும்.

அதனால் 15,000 மட்டும் எடுங்கள். அந்த எரிச்சல் வீடியோவை 8,000-க்குள் எடுத்து, மீதியை உங்கள் ஊர் வரை மட்டும் போகும்படி மொபைலில் ஓட்டுங்கள். அதற்கென்று தனி வாட்ஸப் எண் கொடுங்கள், அப்போதுதான் யார் எதைப் பார்த்து வந்தார்கள் என்று தெரியும். நாலு மெஷின் போனால் போட்டது வந்துவிடும். ஒரு மாதத்தில் நாலு போகவில்லை என்றால் பாக்கி 45,000-ஐ ஓடியில் கட்டிவிட்டு, கொஞ்சம் மெஷினையாவது திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று டிஸ்ட்ரிப்யூட்டரிடம் பேசுங்கள்.