கிளை திறப்பில் எது புராஜெக்ட், எது புரோகிராம்?

எங்கள் ஜவுளி நிறுவனம் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சலில் கிளை திறக்கிறது. இதில் புராஜெக்ட், புரோகிராம், போர்ட்ஃபோலியோ எவை?

தக்கலைக் கடையைத் திறப்பது ஒரு புராஜெக்ட். அதற்கெனத் தேதி, பட்ஜெட் உண்டு. கடையை ஒப்படைத்ததும் முடிந்துவிடும்.

மூன்று கடைகளையும் இணைத்து நடத்துவது புரோகிராம். பில்லிங் மென்பொருள், நாகர்கோவில் குடோன், பயிற்சிக் குழு எல்லாம் மூன்றுக்கும் பொது. மென்பொருள் தாமதமானால் மூன்று திறப்புமே தள்ளிப்போகும். தக்கலை மேலாளர் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. பல நிறுவனங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. மூன்று மேலாளர்களின் அறிக்கையும் 'எல்லாம் சரி' என்றே சொல்லும். பயிற்சிக் குழுவோ ஒரே வாரத்தில் மூன்று ஊரிலும் இருந்தாக வேண்டும்!

நிறுவனம் பணம் போடும் எல்லா முயற்சிகளையும் சேர்த்துப் பார்ப்பது போர்ட்ஃபோலியோ. இங்கே கேள்வியே வேறு: இருக்கும் பணத்தைப் புதிய கிளைகளில் போடுவதா, ஆன்லைன் விற்பனையிலா, பழைய கடையைப் புதுப்பிப்பதிலா? இவை ஒன்றையொன்று சார்ந்திருக்க வேண்டியதில்லை, போட்டி பணத்துக்குத்தான். லாபம் வராது என்று தெரிந்தால் கிளை புரோகிராமையே நிறுத்தும் முடிவும் இங்கேதான் எடுக்கப்படும்.