சிதைந்த அடியில் எந்தச் சொல்? மடத்து நூலகர் எப்படி முடிவெடுப்பார்?

கேள்வி: மடத்து நூலகர் ஒருவரைப் பற்றிக் கதை எழுதுகிறேன். ஓலைச்சுவடியில் ஒரு வெண்பா அடியின் நடுவே பூச்சி அரித்து ஒரு சொல் போய்விட்டது. அவர் முன்னால் இரண்டு ஊகங்கள். எதை, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்? விவரம் தெரிந்தவர்கள் படித்தாலும் நம்ப வேண்டும்.

பதில்: முதலில் அந்த அடி உங்கள் கையில் இருக்க வேண்டும். பாட்டைக் காட்டாமல் "ஏதோ ஒரு சொல்" என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். இதற்காகவே ஒரு குறள் வெண்பா கட்டித் தருகிறேன். மேகம் பொய்த்தாலும் சிலர் கொடையை நிறுத்தமாட்டார்கள் என்பது பொருள்.

வானி……… வழங்கா தொழியினும்
தானம் தவிரார் சிலர்

ஓலையில் இது இப்படி இரண்டு அடியாக இருக்காது. பாட்டும் உரைநடைபோல, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. 'எ', 'ஏ' இரண்டுக்கும் ஒரே கொம்புதான். எனவே அடி எங்கே முடிகிறது, எது குறில், எது நெடில் என்பதை நூலகரே பிரித்துப் படிக்க வேண்டும்.

ஒரு ஊகம் "மேகம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வானத்தில் கை நீட்டி எடுத்ததாக இருக்கக் கூடாது. மடத்திலேயே உள்ள ஒரு காகிதப் படியில் "வானின் மேகம்" என்று தெளிவாக இருக்கட்டும். அதை எழுதியவர் நூலகர் மதிக்கும் ஒரு மூத்தவர். இன்னொரு ஊகம் நூலகருடையது: "வானி லெழிலி". எழிலி என்றாலும் மேகம்தான்.

பொருள் இங்கே உதவாது, இரண்டும் ஒன்றே சொல்கின்றன. யாப்பு உதவும். 'வானி', 'வானின்' இரண்டும் மாச்சீர், அதாவது நேரசையில் முடியும் ஈரசைச் சீர். வெண்பாவில் மாச்சீரை அடுத்து வரும் சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். 'மேகம்' நெடிலோடு நேரசையில் தொடங்குவதால், சீர்களை இணைக்கும் தளை தட்டுகிறது. 'லெழிலி'யில் 'லெழி' நிரை, தட்டவில்லை.

இதோடு தீர்ந்தது என்று பலர் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் கதையின் சுவையே இதற்குப் பிறகுதான். அந்த மூத்தவர், ஓலை அரிபடுவதற்கு முன்பே அதைப் பார்த்து எழுதியிருந்தால்? அப்போது அவர் படிதான் சாட்சி. தளை பிசகியது பாடிய புலவரின் குறையாகவும் இருக்கலாம். ஆகவே நூலகர் இரண்டு சோதனை செய்ய வேண்டும்.

ஒன்று, காகிதப் படி இந்த ஓலையிலிருந்துதான் வந்ததா என்பது. ஓலையில் உள்ள எழுத்துப்பிழைகளும் விட்டுப்போன சொற்களும் அப்படியே காகிதத்திலும் இருந்தால் இந்த ஓலையே மூலமாக இருக்க வாய்ப்பு அதிகம். சரியான பாடங்கள் ஒத்துப்போவது எதையும் காட்டாது, எல்லாப் படியிலும் அவை ஒத்துத்தான் இருக்கும்.

மற்றது, படி எடுத்தவரின் கைவழக்கம். சிதையாத ஏடுகளைக் காகிதத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஓரிடத்தில் ஓலை "கொண்மூ" என்கிறது, காகிதம் "மேகம்" என்கிறது. வேறோர் இடத்திலும் அதே மாற்றம். கொண்மூவும் மேகமும் ஒரே வாய்பாடு (தேமா) என்பதால் அங்கெல்லாம் தளை கெடவில்லை, யார் கண்ணிலும் படவில்லை. மூத்தவர் பழஞ்சொல்லை எளிய சொல்லாக மாற்றி எழுதும் பழக்கமுள்ளவர் என்பது இப்போது உறுதி. துளை விழுமுன் அவர் பார்த்திருந்தாலும் இந்த இடத்தில் அவருடைய "மேகம்" சான்றாகாது. என் கதையென்றால் இந்த ஒப்பிடும் இரவுக்குத்தான் அதிகப் பக்கம் கொடுப்பேன். குருவைப் போல மதித்தவரின் கையெழுத்திலேயே பிழையைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

அடுத்தது அளவு. அதே ஏட்டில், அதே கையில் எழுத்துகள் எவ்வளவு அகலம் என்று அளந்து துளையோடு ஒப்பிடலாம். 'லெழிலி'க்குக் கொம்பையும் சேர்த்து நாலு எழுத்துருக்கள். 'ன்மேகம்' என்றால் ஐந்து. ஒரு எழுத்து வித்தியாசம் பலமான சான்று அல்ல, எழுத்தாணி நெருக்கியும் எழுதும். துணைச் சான்றாக மட்டும் வையுங்கள். சாய்வாக விளக்கைப் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் கீறல் தெரியும். ஓலையே இல்லாத துளையில் அது பயன்படாது.

இத்தனைக்குப் பிறகும் "எழிலி" நிரூபணமாகவில்லை. "முகிலும்" என்றாலும் தளை சரியாகவே நிற்கும். 'ஒழியினும்' என்ற உம்மை ஏற்கெனவே இருக்க இன்னோர் உம்மை தேவையில்லை, எழுத்தும் ஒன்று கூடுகிறது என்பதால் நூலகர் அதை ஒதுக்கலாம். இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

எனவே அவர் ஓலையில் கீறி நிரப்பக் கூடாது. பெயர்த்தெழுதும் தாளில் வானி[லெழிலி] என்று பகர அடைப்புக்குள் போட்டு, அடிக்குறிப்பில் "ஓலை சிதைந்தது, மேகம் என்பது காகிதப் படி, தளை நோக்கிக் கொள்ளவில்லை, முகிலும் எனவும் கொள்ளலாம்" என்று எழுதுவார். மூத்தவரின் பாடத்தை அடிக்குறிப்பிலிருந்தும் நீக்கிவிடலாமா என்ற சபலம் அவருக்கு வரட்டும். நீக்கக் கூடாது: நாளை வேறொரு சுவடி கிடைத்தால், அதை ஒப்பிடுகிறவருக்கு மூன்று பாடமும் கையில் இருக்க வேண்டும்.