சக ஆசிரியர் வகுப்பைப் பார்ப்பது: பயம் எங்கிருந்து வருகிறது?

"அம்பாசமுத்திரம் பக்கம் தலைமை ஆசிரியர் நான். ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பதை, பயமில்லாமல் எப்படி நடத்துவது?"

ஓர் ஆசிரியர் இன்னொருவர் வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார், அப்புறம் இருவரும் பேசிக்கொள்வார்கள். அவ்வளவுதான். பயம் வருவது, கவனித்தவர் எழுதிய தாள் உங்கள் மேசைக்கு வந்துவிடும் என்பதால்தான். அதைப் பாடம் நடத்தியவரிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

எதைக் கவனிப்பது என்பதையும் அவரே முதல் நாள் சொல்லட்டும். ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர், "கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கேன்?" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் விநாடிகளை மட்டும் குறிக்கிறார்: 1, 2, 1. 'அவசரப்படுகிறீர்கள்' என்று எழுதுவதில்லை. எண்ணைப் பார்த்ததும் டீச்சருக்கே புரிந்துவிடும். 3 விநாடியாவது காத்திருந்தால் பின்வரிசைப் பிள்ளைகளும் வாய் திறப்பார்கள்.

சொதியை இறக்குமுன் பக்கத்து வீட்டு அக்காவிடம் உப்புப் பார்க்கச் சொல்வோமே, அது மாதிரி. பந்தியில் சொல்லும் குறை வேறு.

முதல் சுற்றில் உங்கள் வகுப்பையே பார்க்க விடுங்கள்.

பலர் இதை ஆண்டாய்வின் ஒத்திகை என்று நினைக்கிறார்கள். ஆய்வு தனி, இந்தத் தாள் அந்தக் கோப்புக்குள் போகவே கூடாது.