வரவு எந்தப் பக்கம்? கணக்கீடு படிக்கப் போன பிள்ளைக்கு ஓர் இருமொழிக் கொப்பி

உயர்தரத்தில் தமிழ் மொழிமூலம் கணக்கீடு படித்து நல்ல பெறுபேறு எடுத்த மகள், கொழும்பில் ஆங்கில மொழிமூலப் பட்டப்படிப்பில் சேர்ந்து முதல் மாதமே தடுமாறுகிறாள். பெற்றோர் உடனே அவளை ஆங்கில வகுப்புக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அனுப்புங்கள், அதில் தவறில்லை. ஆனால் அங்கே உரையாடல் ஆங்கிலம்தான் கிடைக்கும். அவள் தடுக்கி விழும் இடமோ வேறு. கணக்கு அவளுக்குத் தெரியும். தெரிந்த கணக்கை எந்தப் பெயரால் கூப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை. அதற்குத் தேவையானது அவளே எழுதும் ஒரு சொற்கொப்பி. கடையில் வாங்கிய அகராதி இதற்கு உதவாது. ஏன் என்பதை ஒரே ஒரு சொல்லை வைத்துப் பார்க்கலாம்.

அந்தச் சொல் ‘வரவு’. இலங்கைப் பாடத்திட்டத்தில் டெபிட் என்றால் வரவு, கிரெடிட் என்றால் செலவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டெபிட்டுக்குப் பற்று என்றும் கிரெடிட்டுக்கு வரவு என்றும் எழுதுகிறார்கள். இங்கே இடப்பக்கத்தைக் குறிக்கும் சொல் அங்கே வலப்பக்கத்தைக் குறிக்கிறது. ஆங்கில விரிவுரை விளங்கவில்லை என்று யூடியூபில் தமிழ் விளக்கம் தேடும் பிள்ளைக்கு முதலில் அகப்படுவது பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடியோதான். அதைப் பார்த்துவிட்டுக் கொப்பியில் ‘கிரெடிட் – வரவு’ என்று எழுதிவைத்தால், அடுத்த நாள் டியூட்டில் பதிவுகள் எல்லாம் தலைகீழாகும். இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாறுவதால், இரு பக்கக் கூட்டுத்தொகையையும் ஒப்பிடும் பரீட்சை மீதி சமப்பட்டுவிடும். பிழை கண்ணில் படாது.

அதே சொல்லில் இன்னொரு பொறியும் உண்டு. சம்பளம் வந்ததும் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியில் உங்கள் கணக்கு ‘கிரெடிட்’ செய்யப்பட்டது என்று இருக்கும். வீட்டுப் பேச்சில் காசு வந்தால் அது வரவு. ஆகவே கிரெடிட்தான் வரவு என்று மனம் ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. உண்மையில் அந்தச் செய்தி வங்கியின் புத்தகத்திலிருந்து பேசுகிறது. நாம் வைப்பிலிட்ட பணம் வங்கிக்கு ஒரு பொறுப்பு, அது கூடும்போது வங்கி தன் ஏட்டில் கிரெடிட் பக்கம் பதிகிறது. அதே பணம் நம்முடைய காசேட்டில் டெபிட் பக்கம், அதாவது வரவுப் பக்கம். வங்கி இணக்கக் கூற்று செய்யும்போது உயர்தரத்திலேயே இதைப் படித்திருப்பாள். ஆங்கிலத்தில் கேட்கும்போது மட்டும் பழைய வீட்டுப் பொருள் முந்திக்கொள்கிறது.

இன்னும் ஒன்று. செலவு என்ற சொல் கிரெடிட்டுக்குப் போய்விட்டதால், எக்ஸ்பென்ஸ் என்பதற்குச் செலவினம் என்று எழுதப் பழகவேண்டும். 12,000 ரூபாய் மின்கட்டணம் காசாகக் கட்டினால், மின்சாரச் செலவினக் கணக்கு வரவு, காசுக் கணக்கு செலவு. இந்த வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுப் படித்தாலே எவ்வளவு குழப்பம் இருக்கிறது என்று தெரியும். இதனால்தான் ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை மட்டும் எழுதிவைக்கும் பட்டியல் போதாது.

இனிக் கொப்பி. 80 பக்க சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். பக்கத்தை மூன்று நிரலாகப் பிரியுங்கள். முதல் நிரலில் பாடசாலையில் படித்த தமிழ்ச் சொல். இரண்டாவதில் விரிவுரையாளர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல், எழுத்துக்கூட்டலோடு. மூன்றாவது நிரலே மிக அகலமாக இருக்கவேண்டும். அதில் அந்தச் சொல் வந்த முழு ஆங்கில வாக்கியம் ஒன்றும், அதற்குக் கீழே எந்தக் கணக்கு டெபிட், எந்தக் கணக்கு கிரெடிட் என்ற பதிவும் இருக்கவேண்டும். கணக்கீட்டில் ஒரு சொல்லின் பொருள் அதன் பதிவில்தான் இருக்கிறது. பதிவைச் சரியாக எழுதத் தெரிந்தால் சொல் விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அகரவரிசையில் எழுதவேண்டாம், பாடத்தலைப்பின்படி எழுதுங்கள். கடன்பட்டோர், ஐயக்கடன், அறவிட முடியாக்கடன், பதிவழித்தல் நான்கும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் தெரியும். அகரவரிசை தேடுவதற்கு மட்டுமே உதவும், அதற்குக் கடைசி நான்கு பக்கங்களை ஒதுக்கினால் போதும். ஒரு விரிவுரைக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் எழுதவேண்டாம். முதல் வாரத்திலேயே முந்நூறு சொல்லை இணையத்திலிருந்து இறக்கி ஒட்டிய கொப்பிகளை யாரும் இரண்டாம் தடவை திறப்பதில்லை.

சொற்களை எங்கிருந்து எடுப்பது? மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் உயர்தரக் கணக்கீட்டுப் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிடுகிறது. தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அலகு எண்ணும் தேர்ச்சி எண்ணும் பொருந்தி வரும். பரீட்சைத் திணைக்களத்தின் பழைய வினாத்தாள்கள் இதைவிட நல்லவை. ஒரே ஆண்டின் தமிழ்த் தாளிலும் ஆங்கிலத் தாளிலும் வினா எண் ஒன்று, தொகைகளும் ஒன்று. தமிழ்த் தாளில் 45,000 என்ற தொகைக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறதோ, ஆங்கிலத் தாளில் அதே தொகைக்கு முன்னால் இருப்பதே அதன் இணை. கணிப்பிடுக, தயாரிக்குக, விளக்குக, வேறுபடுத்துக என்ற கட்டளைச் சொற்களுக்கும் இணை அங்கேயே கிடைக்கும். அவற்றைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். விளக்குக என்ற இடத்தில் வெறுமனே பட்டியலிட்டுப் புள்ளி இழக்கும் பிள்ளைகள் நிறைய. பழைய தாள்களை மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளிலும் தேடிப் பார்க்கலாம்.

ஒரு பக்கத்தை எப்படி நிரப்புவது என்று ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். ஆண்டிறுதியில் ஒரு வியாபாரத்தின் கடன்பட்டோர் 400,000 ரூபாய். அதில் 20,000 இனி வராது என்று உறுதி. மீதியில் 5 சதவீதத்துக்கு ஐயக்கடன் ஏற்பாடு வேண்டும். கடந்த ஆண்டு ஏற்பாடு 15,000.

தமிழில் இதை அவள் தூக்கத்திலும் செய்வாள். 20,000ஐப் பதிவழித்தால் மீதி 380,000. அதில் 5 சதவீதம் 19,000. முன்னைய 15,000ஐக் கழித்தால் அதிகரிப்பு 4,000. ஆகவே இந்த ஆண்டு வருமானக் கூற்றுக்குப் போவது 24,000, நிதிநிலைமைக் கூற்றில் காட்டுவது 361,000.

ஆங்கிலத் தாளில் இதே கணக்கு வரும்போது கடன்பட்டோர் என்பது டெப்டர்ஸ் ஆக இராது, ட்ரேட் ரிசீவபிள்ஸ் ஆக இருக்கும். தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் பழையதும் புதியதுமாக இரண்டு. இரண்டையும் எழுதி, இப்போது வழங்குவதற்குக் கீழே கோடிடுங்கள். பதிவழித்தல் என்பது ரைட் ஆஃப். சொல்லுக்குச் சொல் பார்த்தால் எழுதுவது போலத் தெரியும், ஆனால் கணக்கிலிருந்து நீக்குவது. அறவிட முடியாக்கடன் என்பது பேட் டெட்ஸ். மூன்றாவது நிரலில் பேட் டெட்ஸ் டெபிட், ட்ரேட் ரிசீவபிள்ஸ் கிரெடிட், 20,000 என்று பதிவை எழுதிவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

ஏற்பாடு என்பதுதான் அதிகம் விழுத்தும் இடம். பழைய புத்தகங்களில் அது ப்ரொவிஷன். இப்போதைய பாடநூல்களில் ஐயக்கடனுக்கு அலவன்ஸ் என்ற சொல்லே அதிகம். ஆனால் அலவன்ஸ் என்றால் நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது சம்பளத்தோடு வரும் கொடுப்பனவு. அப்படி எடுத்துக்கொண்டு 19,000ஐ ஊழியர் செலவினத்தில் போட்டால் கணக்கே மாறிவிடும். ப்ரொவிஷன் என்ற சொல்லும் சும்மா இல்லை. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 37இல் அது நேரமோ தொகையோ நிச்சயமற்ற ஒரு பொறுப்பு, உத்தரவாதச் செலவு போல. ஐயக்கடன் ஏற்பாடோ சொத்திலிருந்து கழிக்கப்படுவது. ஆகவே கொப்பியில் ஏற்பாடு என்பதற்கு இரண்டு தனிவரி வேண்டும். ஒன்றில் சொத்திலிருந்து கழிவு, மற்றதில் பொறுப்பு என்று தெளிவாக எழுதவேண்டும். இங்கும் தமிழ்நாட்டு நூலைத் தொடவேண்டாம். அங்கே ப்ரொவிஷனுக்கு ஒதுக்கு என்கிறார்கள். நமக்கு ஒதுக்கம் என்றால் ரிசேர்வ், அது உரிமையாண்மையில் வருவது.

(விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் இதே தொல்லை உண்டு. இலங்கையில் வேகம் என்றால் வெலொசிட்டி, தமிழ்நாட்டில் ஸ்பீட். நாம் ஸ்பீடைக் கதி என்கிறோம்.)

கொப்பி எழுதினால் மட்டும் வேலை முடியாது. மூன்று விதமாகச் சோதிக்கவேண்டும். ஆங்கில நிரலையும் மூன்றாவது நிரலையும் மறைத்துத் தமிழைப் பார்த்து ஆங்கிலம் எழுதுவது ஒன்று. விடை எழுதும்போது தேவைப்படுவது இதுதான். தமிழ் நிரலை மறைத்து ஆங்கிலத்திலிருந்து பொருள் சொல்வது இரண்டாவது. விரிவுரை கேட்க இது உதவும். இது சுலபம் என்பதால் பிள்ளைகள் இதை மட்டும் செய்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். மூன்றாவதாக இரண்டு சொல் நிரல்களையும் வாக்கியத்துக்குக் கீழுள்ள பதிவையும் மறைத்து, வாக்கியத்தைப் படித்ததும் நேரே பதிவை எழுதவேண்டும். வெவ்வேறு நாளில் மூன்று தடவை பிழையின்றி எழுதினால் அந்த வரியில் ஒரு புள்ளி வைத்து விட்டுவிடலாம். தொடர்ந்து பிழைக்கும் சொல்லுக்கு மூன்றாவது நிரல் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும்.

ஒரு எல்லையும் உண்டு. இரண்டாம் ஆண்டில் நிதிச் சந்தை, வரி, கணக்காய்வு என்று போகும்போது, பாடசாலையில் தமிழ்ச் சொல்லே கேள்விப்படாத விடயங்கள் வரும். அவற்றுக்குத் தமிழ்ச் சொல் உருவாக்கிக்கொண்டு இருக்கவேண்டாம். முதல் நிரலில் சொல்லுக்குப் பதிலாகத் தமிழில் இரண்டு வரி விளக்கம் எழுதினால் போதும். அந்த நேரத்தில் கொப்பியில் புதிய சொற்கள் வாரத்துக்கு நாலைந்தாகக் குறைந்திருந்தால், அவள் நேரே ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கிவிட்டாள். இன்னும் வாரத்துக்கு நாற்பது எழுதிக்கொண்டிருந்தால் அவள் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். அப்போது சொற்கொப்பியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பாடநூலில் தீர்த்துக் காட்டிய கணக்குகளை ஆங்கிலத்திலேயே நாளுக்கு ஒன்று பார்த்தெழுதச் சொல்லுங்கள்.