நான்காவது டவுனில் என்ன செய்வது? அமெரிக்கக் கால்பந்து: கேள்வி பதில்

டாலஸ்: ஊருக்குப் புதிது. அலுவலகத்தில் திங்கள்கிழமை முழுக்க மேட்ச் பேச்சுதான். திரையில் 3rd & 7 என்று வருகிறதே, என்ன அண்ணா அது?

மூன்றாவது டவுன், இன்னும் 7 யார்டு பாக்கி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு டவுன், அதாவது நான்கு முயற்சி. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி முதல் டவுன், கணக்கு புதிதாகத் தொடங்கும்.

முதல் முயற்சியில் 3 யார்டு ஓடினார்கள் என்றால் 2nd & 7. அடுத்து எறிந்த பாஸ் யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் தூரம் மாறாது, 3rd & 7. அப்புறம் பந்தை எறியும் ஆளான குவார்ட்டர்பேக்கை 5 யார்டு பின்னால் வைத்து மடக்கிவிட்டால் 4th & 12. பாக்கி குறைய வேண்டும் என்று கட்டாயமில்லை, கூடவும் செய்யும். எட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் மஞ்சள் கோடு டிவிக்காரர்கள் வரைவது. மைதானத்தில் போய்த் தேடாதீர்கள்.

சென்னை: நான்காவது டவுன் வந்தால் உதைத்தே ஆகவேண்டும், அதுதானே விதி?

பாதி சரி. அது வழக்கம், விதி இல்லை. நான்காவதிலும் ஓடலாம், எறியலாம். ஆனால் தூரம் எட்டாவிட்டால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும். சொந்த கோல் பக்கம் அப்படி ஆனால் ஆபத்து. அதனால் பந்தைக் கையிலிருந்து விட்டு தூரமாக உதைத்து, அதாவது பண்ட் அடித்து, எதிரணியை 40 யார்டு போலத் தள்ளி ஆரம்பிக்க வைக்கிறார்கள்.

எதிரணியின் கோல் பக்கம் நெருங்கிவிட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோல், 3 புள்ளி. கம்பம் கோல் கோட்டுக்கு அப்பால் உள்ள எண்ட் ஸோனின் பின்கோட்டில் நிற்கிறது, அது 10 யார்டு. உதைப்பவருக்காகப் பந்தை 7, 8 யார்டு பின்னால் வைப்பார்கள். ஆக, பந்து 30 யார்டு கோட்டில் இருந்தால் உதை 47, 48 யார்டு. 1991 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளில் பஃபலோ பில்ஸின் ஸ்காட் நார்வுட் தவறவிட்டதும் 47 யார்டு உதைதான். நியூயார்க் ஜயண்ட்ஸ் 20-19 என்று வென்றது.

ஸ்கார்பரோ: எங்கள் ஊரில் மூன்று டவுன்தான், நீங்கள் தப்பாகச் சொல்கிறீர்கள். அக்கா மகன் பள்ளி அணியில் இருக்கிறான், காலுக்கு இடையில் பந்தைப் பின்னால் எறிவது மட்டுமே அவன் வேலை. அதற்கெல்லாம் ஒரு ஆளா?

நீங்கள் பார்ப்பது கனடா ஆட்டம். அங்கே மூன்று டவுன், மைதானமும் 110 யார்டு. நான் சொல்வது அமெரிக்க லீக்கான என்எஃப்எல்.

மருமகன் லாங் ஸ்னாப்பர். உதைக்கும் நேரத்தில் இறங்கும் தனிக் குழுவைத்தான் ஸ்பெஷல் டீம்ஸ் என்கிறோம். பண்டுக்குப் பந்து ஏறக்குறைய 15 யார்டு பின்னால், உதைப்பவர் கைக்கே போக வேண்டும். தலைக்கு மேல் போய்விட்டால் எதிரணிக்கு யோகம். நன்றாக எறியும்வரை அவன் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

மதுரை: பண்ட் அடித்த பந்து சும்மா உருள்கிறது, அடித்த அணிக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதானே?

எடுத்தாலும் அவர்களுக்குச் சொந்தமாகாது, எதிரணி தொடாதவரை. அதனால் கோல் கோட்டுக்குள் போகாமல் எவ்வளவு தூரம் உருளுமோ உருளட்டும் என்று விட்டு, கடைசியில் தொட்டு நிறுத்துவார்கள். எதிரணிக்காரர் கைபட்டு நழுவினால் கதை மாறும். அப்போது அடித்த அணியே அள்ளிக்கொள்ளலாம், ஆனால் அங்கிருந்து ஓட முடியாது. ஆட்டம் தொடங்கும் கிக்ஆஃப் வேறு. அதில் 2023 வரை பந்து 10 யார்டு தாண்டிவிட்டால் யார் பிடித்தாலும் அவர்களுக்குத்தான் என்று இருந்தது.

பாஸ்டன்: எல்லாம் சரி. 2009-இல் எங்கள் பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பெலிசிக் செய்தது பைத்தியக்காரத்தனமா இல்லையா?

நவம்பர் 15, எதிரணி கோல்ட்ஸின் மைதானம். பேட்ரியட்ஸ் 34-28 முன்னிலை, பாக்கி 2 நிமிடம் 8 நொடி. சொந்த 28 யார்டு கோட்டில் 4th & 2. எல்லோரும் பண்ட் என்று நினைக்க, பில் பெலிசிக் தன் குவார்ட்டர்பேக் பிரேடியை எறியச் சொன்னார். கெவின் ஃபாக் பிடித்தார், ஆனால் முதலில் பந்து கையில் தட்டுத் தடுமாறியது. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நடுவர் பந்தை வைத்துவிட்டார். டைம்அவுட் எல்லாம் தீர்ந்துபோனதால் மறுபரிசீலனை கேட்கவும் வழியில்லை. சுமார் 30 யார்டு தூரம் மட்டுமே பாக்கி இருக்க, கோல்ட்ஸ் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் டச்டவுன் போட்டு 35-34 என்று முடித்தார்.

நான் அவர் பக்கம். 2 யார்டு எடுத்திருந்தால் ஆட்டம் அநேகமாக அங்கேயே முடிந்திருக்கும், மேனிங் கைக்குப் பந்தே வராது. பண்ட் அடித்தால் அவருக்குச் சுமார் 70 யார்டு. அன்று அவர் இருந்த வேகத்துக்கு அது பெரிய பாதுகாப்பு இல்லை.

பாஸ்டன்: மன்னிக்கவும், 70 யார்டு வேறு, 30 யார்டு வேறு. நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் ஊரில் பாதிப் பேர் அன்றும் அதையேதான் சொன்னார்கள்.