2.4 கிலோ பார்சலுக்கு 9 கிலோ கட்டணம் ஏன்?

"காரைக்குடியிலிருந்து பனையோலைக் கொட்டான்கள் அனுப்புகிறேன். சிறிதும் பெரிதுமாக 24 கொட்டான்கள் கொண்ட பார்சலை வீட்டுத் தராசில் நிறுத்தேன், 2.4 கிலோ. பெட்டியில் 40 × 30 × 30 செ.மீ. என்று போட்டிருக்கிறது. கூரியர் பில்லில் 9 கிலோ என்று இருக்கிறது. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள் என்று கேள்விப்பட்டுக் கணக்குப் போட்டால்கூட 7.2 கிலோதான் வருகிறது. என்னை ஏமாற்றுகிறார்களா?"

ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் போட்ட கணக்கு சரி, அதில் போட்ட அளவுகள்தான் தவறு.

அட்டைப்பெட்டிக் கடைகளில் சொல்லும் அளவு பெரும்பாலும் பெட்டியின் உள்ளளவு. உள்ளே எவ்வளவு பொருள் கொள்ளும் என்பதுதான் வாங்குபவருக்குத் தேவை என்பதால் அப்படியொரு வழக்கம். கூரியர்காரர் அளப்பது வெளியளவை. ஐந்தடுக்கு அட்டையின் தடிமன் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர். இரு பக்கமும் சேர்ந்து நீளம் 41, அகலம் 31 ஆகிவிடும். உயரத்தில் இன்னும் கூடும். மேலே இரண்டு மடிப்பு, கீழே இரண்டு மடிப்பு என்று நான்கு தடிமன் சேர்வதால் 30 என்பது 32 ஆகிறது. இப்போது பெருக்கிப் பாருங்கள்:

41 × 31 × 32 = 40,672
40,672 ÷ 5000 = 8.13 கிலோ

அரை கிலோ படிகளில் கட்டணம் போடுபவர்கள் இதை 8.5 என்று மேலேற்றிவிடுவார்கள். மீதி அரை கிலோ எங்கிருந்து வந்தது? கொட்டான்களை அழுத்தி அடைத்து டேப் ஒட்டியிருப்பீர்கள். மூடியின் நடுப்பகுதி உப்பியிருக்கும். அளக்கும்போது கணக்கில் கொள்வது பெட்டியின் ஓரத்து உயரத்தை அல்ல, மிக உயர்ந்த இடத்தை. உப்பல் வெறும் 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டாலும் உயரம் 34 ஆகிறது. 41 × 31 × 34ஐ 5000ஆல் வகுத்தால் 8.64. அடுத்த படி 9 கிலோ. உங்கள் பில்லில் இருப்பதும் அதுதான்.

அதாவது, இந்தப் பெட்டியின் உயரத்தில் கூடும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கால் கிலோ. அதை மனத்தில் வைத்துக்கொண்டு டேப்பை ஒட்டுங்கள்.

இனி அந்த 5000 பற்றி. ஒரு கிலோவுக்கு 5000 கன சென்டிமீட்டர் இடம் தருகிறேன், அதற்கு மேல் இடம் எடுத்தால் எடுத்த இடத்துக்குக் காசு கொடு என்பதுதான் அதன் பொருள். ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கு. உங்கள் கொட்டான் பெட்டிகளையே ஒரு கன மீட்டருக்கு அடுக்கினால் 55 கிலோ அளவுக்குத்தான் வரும். லாரி நிறைந்துவிடும், ஆனால் அது சுமக்கக்கூடிய எடையில் பெரும்பகுதி சும்மா போகும். விமானத்திலும் அப்படியே. எடைக்கு மட்டும் கட்டணம் வாங்கினால் ஓலைப்பெட்டிக்காரரின் இடத்துக்கான செலவைப் பித்தளை விளக்கு அனுப்புபவர் சுமக்க வேண்டியிருக்கும். அதனால் தராசு எடை, அளவுகளைப் பெருக்கி வகுத்து வரும் பருமன் எடை இரண்டையும் பார்த்து எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுகிறார்கள். 25 × 20 × 20 செ.மீ. பெட்டியில் 6 கிலோ பித்தளை விளக்கு போனால் பருமன் எடை 2 கிலோதான். அங்கே தராசு எடைக்குத்தான் காசு.

5000 எல்லோருக்கும் பொதுவான எண் அல்ல. விமானச் சரக்கில் 6000 என்பது நெடுநாள் வழக்கம். 4500, 4000 வைத்திருக்கும் சேவைகளும் உண்டு. எண் சிறியதாக ஆக உங்கள் கட்டணம் கூடும். இதே பெட்டி 4000ஆல் வகுபட்டால் 11 கிலோ. ஆகவே கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்டு இரண்டு நிறுவனங்களை ஒப்பிடாதீர்கள். எதனால் வகுக்கிறீர்கள், எந்தப் படிக்கு மேலேற்றுகிறீர்கள் என்று சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் பார்சலுக்குள் நீங்கள் அனுப்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் காற்று. நல்லவேளையாகக் கொட்டான் அதற்கு வழி தருகிற பொருள். சிறியதை நடுத்தரத்துக்குள், அதைப் பெரியதற்குள் வைத்து மூடினால் 24 கொட்டான்கள் 8 அடுக்குகளாகிவிடும். உள்ளே வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றுங்கள். சாயம் தோய்த்த ஓலை ஒன்றோடொன்று உரசினால் நிறம் ஒட்டும். எட்டு அடுக்கும் 30 × 25 × 20 உள்ளளவுள்ள பெட்டியில் அடங்கினால் வெளியளவு 31 × 26 × 22. பருமன் எடை 3.55, கட்டணம் 4 கிலோவுக்கு. இங்கேதான் கத்தியை எடுக்க வேண்டும். பெட்டியின் நான்கு மூலைகளையும் மேலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீறி, மடிப்பைக் கீழே இறக்கி ஒட்டினால் உயரம் 21. பருமன் எடை 3.39, கட்டணம் 3.5 கிலோவுக்கு. உள்ளே ஒரு சென்டிமீட்டர் காலியிடம் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் மூடி மறுபடி உப்பி, குறைத்தது வீணாகும்.

பெட்டியை இரண்டாகப் பிரித்து அனுப்பினால் குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். மொத்த இடம் அப்படியேதான் இருக்கும், படிக்கு மேலேற்றுவது மட்டும் இரண்டு முறை நடக்கும். அதற்கு நேர்மாறானது பயன் தரும். ஒரே வாடிக்கையாளர் கொட்டானும் பித்தளைச் சாமானும் கேட்டால், சிறு விளக்குகளைத் துணியில் சுற்றிக் கொட்டானுக்குள்ளேயே வைத்து ஒரே பெட்டியாக அனுப்புங்கள். பருமன் எடைக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. தராசு எடை அதைத் தொடும்வரை விளக்குக்குத் தனிக் கட்டணம் இல்லை.

கூரியர் தரப்பிலும் தவறு நடக்கும். பெரிய கிடங்குகளில் பெட்டி ஓடும் பட்டையில் போகும்போதே மேலிருக்கும் கருவி அளந்துவிடும். எங்கள் 45 × 30 × 25 பெட்டிக்கு ஒருமுறை 13.5 கிலோ என்று பில் வந்தது. சரியான பருமன் எடை 6.75. மிகச் சரியாக இரண்டு மடங்கு வந்ததைப் பார்த்ததும் புரிந்தது, ஒட்டிக்கொண்டு போன இரண்டு பெட்டிகளை ஒன்றாக அளந்திருக்கிறார்கள். படத்தோடு எழுதினோம், திருத்திக் கொடுத்தார்கள்.

சந்தேகம் வந்தால் பில்லிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 9 கிலோ என்றால் கன அளவு 42,500க்கும் 45,000க்கும் இடையில் இருந்திருக்க வேண்டும். அதை உங்கள் பெட்டியின் 41 × 31ஆல் வகுத்தால் உயரம் ஏறக்குறைய 33.4 முதல் 35.4 வரை. உப்பிய பெட்டிக்கு இது நடக்கக்கூடியதுதான். இதுவே 50 என்று வந்திருந்தால் அளந்தவர் தவறு. ஒட்டி முடித்த பிறகு, அளவு டேப்பை மூன்று பக்கமும் வைத்து, முகவரிச் சீட்டின் எண் தெரியும்படி மூன்று படங்கள், தராசில் வைத்து ஒன்று என எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுப்புத் தெரிவிக்க ஒப்பந்தத்தில் சில நாட்கள்தான் தருவார்கள். பார்சலை ஒப்படைத்த பிறகு இந்தப் படத்தை எடுக்க முடியாது.